ஜெர்மன் ஏ1 தேர்வு: பாடத்துக்கு ஒரு தாள்

ஜெர்மனியில் வேலை பார்க்கும் கணவருடன் சேர விசா கேட்கும் சகோதரிகளில் சிலருக்கு ஏ1 தேர்ச்சி தேவைப்படுகிறது. பாடநூலின் ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு தாள் எழுதச் சொல்கிறோம். கடையில் வாங்கும் பாடத்தைப் பார்ப்போம்.

பெயர்ச்சொல்லை அதன் முன்சொல்லோடு எழுதுங்கள்: டேர் ஆப்ஃபெல் (ஆப்பிள்), டீ டொமாட்டெ (தக்காளி), டாஸ் ப்ரோட் (ரொட்டி). கீழே, 'இஷ் கவுஃபெ' (நான் வாங்குகிறேன்) சேர்த்து எழுதுங்கள்: இஷ் கவுஃபெ டேன் ஆப்ஃபெல், டீ டொமாட்டெ, டாஸ் ப்ரோட். நாம் 'ஆப்பிளை' என்று 'ஐ' சேர்க்கும் இடத்தில் ஜெர்மனில் டேர் மட்டும் டேன் ஆகிறது. மற்ற இரண்டும் மாறுவதில்லை.

மறுநாள் முன்சொற்களை மறைத்துச் சொல்லிப் பாருங்கள். 'கவுஃபெ டேர் ஆப்ஃபெல்' என்று வந்தால் விதி பதியவில்லை. 'கவுஃபெ டேன் டொமாட்டெ' என்று வந்தால் அந்தச் சொல்லின் பால் பதியவில்லை. அதை அடுத்த தாளின் முதல் வரியில் மறுபடி எழுதுங்கள்.