பத்து நாள் கேட்டேன், மூன்று நாள் கொடுத்தார்கள்

கேள்வி: திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்காளராக இருக்கிறேன். 13-ஆம் தேதி தங்கைக்குக் கல்யாணம். 9 முதல் 18 வரை லீவு கேட்டேன். ஜிஎஸ்டி வேலையைக் காரணம் காட்டி 12, 13, 14 மட்டும் தந்திருக்கிறார் மேனேஜர். என்ன பதில் எழுதுவது?

பதில்: அவர் தயங்குவது இரண்டு தேதிகளுக்காக. 11-க்குள் ஜிஎஸ்டிஆர்-1, 20-க்குள் ஜிஎஸ்டிஆர்-3பி போக வேண்டும். உங்கள் பதில் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும். வீட்டில் எத்தனை வேலை இருக்கிறது என்று திரும்பவும் விளக்காதீர்கள், அது அவருக்குத் தெரியும்.

உள்ளீட்டு வரியைச் சரிபார்க்க உதவும் 2பி பட்டியல் 14-ஆம் தேதிதான் வரும். அதற்கு முன் 3பி வேலையை முடிக்க முடியாது. ஆக 11-க்கும் 14-க்கும் நடுவில் உங்கள் மேஜை ஓரளவு காலிதான். இதை வைத்து இப்படி எழுதுங்கள்:

"ஐயா, மூன்று நாள் அனுமதிக்கு நன்றி. போன மாத விற்பனை பில்களைச் சரிபார்த்து, 9-ஆம் தேதி மாலைக்குள் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்துவிடுகிறேன். 10 முதல் 16 வரை விடுப்பு தந்தால், 17 காலை வந்து 2பி-யை ஒப்பிட்டு, 19-க்குள் 3பி முடிப்பேன். இடையில் வரும் பில்களை உடன் வேலை செய்பவர் பதிந்து வைக்கச் சம்மதித்திருக்கிறார்."

பத்து ஏழாகிறது. கடைசி வரியை எழுதும் முன் அந்த நண்பரிடம் நிஜமாகவே பேசிவிடுங்கள். மேனேஜர் அவரைக் கூப்பிட்டுக் கேட்பார்.

அதற்கும் மறுத்தால் 11 முதல் 15 வரை கேளுங்கள். அதற்குக் கீழே இறங்க வேண்டாம்.