ஜ, ஷ, ஸ, ஹ: எங்கே வேண்டும், எங்கே வேண்டாம்?

நம்பிக்கை: கிரந்த எழுத்து இல்லாவிட்டால் பிறமொழி ஒலியைத் தமிழில் காட்ட முடியாது.

ஓர் எழுத்துக்கு ஓர் ஒலிதான் என்று எண்ணுவதால் வரும் தவறு இது. சகரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 'பாசம்' என்னும்போது உயிருக்கு நடுவே நின்று ஸ போல மென்மையாக ஒலிக்கிறது. 'பச்சை' என்று இரட்டித்தாலோ, 'கட்சி', 'முயற்சி' என்று ட், ற் இவற்றை அடுத்து வந்தாலோ ஒலி வலுக்கிறது. 'பஞ்சு', 'மஞ்சள்' என்று ஞகர மெய்யை அடுத்து வந்தால் அதே எழுத்து ஜ ஆகிவிடுகிறது. எழுத்து நிற்கும் இடமே ஒலியைத் தீர்மானிக்கிறது. இதை யாரும் நமக்குச் சொல்லித் தரவில்லை. தமிழ் பேசுகிற நாக்குக்கு இது தானாகவே தெரியும்.

அப்படியானால் 'இன்ஜின்' என்று எழுதத் தேவையில்லை. 'இஞ்சின்' என்றாலே விரும்பிய ஒலி வந்துவிடுகிறது. ஆரஞ்சு, பஞ்சாப் ஆகியவற்றை அப்படித்தான் எழுதுகிறோம். அவற்றில் ஜ இல்லையே என்று யாரும் குறைப்பட்டதில்லை. சகரத்துக்கு இனமான மெல்லெழுத்து ஞகரம்தான். 'புன்செய்' என்ற தொடர் பேச்சு வழக்கில் 'புஞ்சை' ஆனதும் இதனால்தான்.

சொல்லின் தொடக்கத்திலும் ச பெரும்பாலோர் வாயில் ஸ போலவே ஒலிக்கிறது. சிலர் பேச்சில் அது வலுத்து ஒலிப்பதும் உண்டு. ஆனாலும் சைக்கிள், சினிமா, சோப்பு என்று எழுதினால் எந்த ஊரிலும் புரியும். ககரமும் இப்படித்தான்: 'மகன்' என்பதில் உள்ள க ஏறத்தாழ ஹ. அதனால் மகாத்மா, மோகன், சாகிப் என்பவற்றுக்குக் கிரந்தம் வேண்டாம்.

நம்பிக்கை: நல்ல தமிழ் என்றால் கிரந்தம் ஓரிடத்திலும் வரக்கூடாது.

இங்கே நான் தனித்தமிழ் அன்பர்களிடமிருந்து விலகுகிறேன். தமிழ்ச் சொல் இருந்தால் அதுவே முதல் தேர்வு. அதில் மாறுபாடு இல்லை. ஆனால் கடன்சொல்லைத்தான் எழுதுவது என்று முடிவானபின், படிப்பவர் அதை வேறு சொல்லாகப் படித்துவிடக் கூடாது. 'பஸ்' என்பதைப் 'பசு' என்று எழுதினால் அது மாடு. 'ஹாக்கி'யை 'ஆக்கி' என்றால் சோறு ஆக்கிய கதையாகிவிடும். 'பஜ்ஜி'யில் ச்ச போட்டால் ஒலி வலுத்துச் சொல்லே மாறிவிடுகிறது. 'ஏஜென்ட்' என்பதில் உயிருக்கு நடுவே ச வந்தால் ஸ ஒலிதான் கிடைக்கும். இவ்விடங்களில் கிரந்தம் தேவை. ஹோட்டல் அப்படியல்ல, 'ஓட்டல்' என்று எழுதி நெடுங்காலமாயிற்று, குழப்பமும் இல்லை.

ஒரே சொல்லுக்குள்ளேயே தேவை மாறுவதைப் 'போலீஸ்' காட்டுகிறது. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. ஆகவே இறுதியில் நிற்கும் அந்த ஒலிக்கு ஸ் வேண்டியிருக்கிறது. உருபோ விகுதியோ சேர்ந்ததும் அந்த ஒலி உயிருக்கு நடுவே வந்துவிடுகிறது. பிறகு ச போதும்: போலீசார், போலீசில். ஆபீஸ் – ஆபீசில் என்பதும் இதே வழி. 'பஸ்' மட்டும் தனிக்குறிலை அடுத்த மெய் என்பதால் இரட்டிக்கிறது: பஸ்ஸில். 'பஸ்சில்' என்று அச்சில் பார்க்கும்போதெல்லாம் திருத்தத் தோன்றும். இரட்டிப்பது ஸ் என்றால் இரண்டும் ஸகரமாகத்தான் இருக்க வேண்டும்.

க்ஷ இன்று ஏறத்தாழ வேண்டாத எழுத்து. பரீட்சை, லட்சம், சாட்சி, மோட்சம் எல்லாம் ட்ச-வில் நிலைத்துவிட்டன. ஷகரத்துக்கு வருடம், விடம் என்று பழைய வடசொற்களில் ட வரும். ரேஷன், ஷாம்பு போன்ற புதிய சொற்களுக்கு அந்த வழி பொருந்தாது.

நம்பிக்கை: இவை ஆங்கிலேயர் காலத்தில் நுழைந்த எழுத்துகள்.

கிரந்த எழுத்து பல்லவர் காலத்திலேயே இங்கே வழங்கியது. தமிழகத்தில் வடமொழியை எழுதுவதற்கான எழுத்து அது. அதற்கும் முன்பே தொல்காப்பியம் வடசொல்லைத் தமிழ் எழுத்தால் எழுத வழி சொல்லிவிட்டது. கம்பர் லக்ஷ்மணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் ஆக்கி ஒரு பெருங்காப்பியத்தையே பாடினார்.

கம்பருக்கு இருந்த அந்த உரிமை, நம் காலத்து மனிதர் ஒருவர் பெயரில் நமக்குக் கிடையாது. காப்பியப் பாத்திரத்தின் பெயரை மரபு வடித்துக்கொள்ளலாம். ஆளின் பெயர் அவருடையது. ஜெயகாந்தன் தம் நூல்களில் ஜ வைத்தே தம் பெயரை அச்சிட்டார். அவரைச் 'செயகாந்தன்' என்று திருத்துவது தவறு. அதுபோலவே, 'செயராமன்' என்று தம் பெயரை எழுதுகிறவருக்கு நாம் ஜ சேர்ப்பதும் தவறுதான்.