அஞ்சு நாள் லேட்டான ரீடிங், 277 ரூபாய் எக்ஸ்ட்ரா

ஈபி பில்லுக்கு காலண்டர் மாதம் கணக்கே இல்லை. ஒரு ரீடிங்கிலிருந்து அடுத்த ரீடிங் வரை ஓடின யூனிட்தான் கணக்கு.

தாம்பரத்துல ஒரு வீடுன்னு வச்சுக்கோங்க. தினமும் 8 யூனிட். ஏப்ரல் 12-ல ரீடிங், அடுத்தது ஜூன் 11. 60 நாள், 480 யூனிட். 2024 ஜூலை கட்டணப்படி முதல் 100 இலவசம், அடுத்த 100-க்கு ரூ.2.35, அடுத்த 200-க்கு ரூ.4.70, மீதி 80-க்கு ரூ.6.30. மொத்தம் ரூ.1,679.

அதே ரீடிங்கை ஜூன் 16-ல எடுத்தா? 520 யூனிட். 500-ஐத் தாண்டினா ரூ.2.35 சலுகை போயிடும். 101 முதல் 400 வரை எல்லாமே ரூ.4.70. 500-க்கு மேல ரூ.8.40. பில் ரூ.2,208.

"அடுத்த தடவை குறையுமே"ன்னு தோணும். குறையும்தான். ஆகஸ்ட் 10-ல எடுத்தா 55 நாள், 440 யூனிட், ரூ.1,427. ஆனா ரெண்டு பில்லையும் கூட்டினா ரூ.3,635. சரியா 60 நாளுக்கு ஒருமுறை எடுத்திருந்தா ரூ.3,358. அதே 960 யூனிட்டுக்கு ரூ.277 அதிகம்.

அதனால பில் வந்ததும் முதல்ல ரெண்டு ரீடிங் தேதிக்கும் நடுவுல எத்தனை நாள்னு எண்ணுங்க. 60-வது நாள் மீட்டரை தேதி தெரியற மாதிரி போட்டோ எடுத்து வைங்க. பில் எகிறினா, அந்தப் போட்டோவோட பிரிவு அலுவலகத்துல எழுத்துல கேளுங்க.