வளைகுடா சைட் வேலையில் இருப்பவர்களுக்கு: வேர்க்குரு வந்தால் இப்போது செய்ய வேண்டியவை

வளைகுடாவில் கோடைக்காலத்தில் மதிய வேலைத் தடை உண்டு. அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை பகல் 12.30 முதல் 3 மணி வரை வெயிலில் வேலை வாங்கக் கூடாது. கத்தாரில் ஜூன் 1 முதல் செப்டம்பர் 15 வரை காலை 10 முதல் பிற்பகல் 3.30 வரை தடை உண்டு. வெயிலிலிருந்து உடம்பைக் காக்க இது உதவும். ஆனால் வேர்க்குரு வருவது ஆடைக்குள் காயாமல் நிற்கும் வியர்வையால். கடலோர ஊர்களில் ஜூலை, ஆகஸ்டில் காற்றே ஈரமாக இருப்பதால், விடியற்காலை ஷிப்டில் நிற்பவருக்கும் அது வரும்.

ஏன் வருகிறது?

மணிக்கணக்கில் நனைந்தே இருக்கும் தோலின் மேலடுக்கு ஊறி உப்பி, வியர்வை வெளியேறும் துளையை அடைத்துவிடுகிறது. சுரப்பி மட்டும் வேலையை நிறுத்துவதில்லை. வெளியேற வழியில்லாத வியர்வை தோலுக்குள் கசிய, அந்த இடம் சிவந்து, சிறு பருக்களாகி, ஊசி குத்துவதுபோல் அரிக்கிறது. பெல்ட் இறுக்கும் இடுப்பு, சேஃப்டி ஹார்னஸ் பட்டை படியும் தோள், முதுகு, அக்குள், தொடை இடுக்கு ஆகியவைதான் அது முதலில் தென்படும் இடங்கள். உள்ளங்கையிலும் பாதத்திலும் வராது.

இன்றே தொடங்க வேண்டியது

வேர்க்குருவுக்கு முதல் மருந்து, தோல் குளிர்ந்து காய்ந்திருக்கும் நேரம்தான். அந்த நேரத்தை எப்படிக் கூட்டுவது என்று பாருங்கள். அமீரகத்தில் கம்பி கட்டும் வேலையில் காலை 5 மணிக்கு இறங்கி 11.30 வரை நிற்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். முதுகிலும் இடுப்பிலும் பருக்கள். 8 மணி இடைவேளையில் அவர் நிழலுக்குப் போய், கவர்ஆலின் மேற்பகுதியை இடுப்புவரை இறக்கி, ஈரத்துணியால் வியர்வையைத் துடைத்து, விசிறிக் காற்றில் உடம்பைக் காயவிட்டு, மாற்றுப் பனியனைப் போட்டுக்கொள்ள வேண்டும். பனியன் தொளதொளப்பான பருத்தியாக இருக்கட்டும். நனைந்த பனியனோடு மறுபடி வேலைக்கு இறங்கினால், இடைவேளை எடுத்தும் தோலுக்கு ஓய்வில்லை.

வேலை முடிந்து கேம்ப் வந்ததும் சாப்பாட்டுக்கு முன்பே குளிக்க வேண்டும். மேல்தொட்டித் தண்ணீர் பகலில் கொதிக்கும். காலையிலேயே ஒரு வாளி பிடித்து அறைக்குள் வைத்தால் ஆறியிருக்கும். நார் போட்டுத் தேய்க்கக் கூடாது. ஒற்றித் துடைத்து, லுங்கி மட்டும் கட்டிக்கொண்டு ஏசி அறையில் படுக்கலாம். அறையில் ஏசி ஓடாவிட்டால் உடனே கேம்ப் பொறுப்பாளரிடம் புகார் கொடுங்கள். இரவிலும் வியர்த்தால் எந்த க்ரீமும் பலிக்காது.

பூசலாமா?

அரிப்புக்குக் கேலமைன் லோஷன் போதும். அதிலும் அடங்காவிட்டால் 1 சதவீத ஹைட்ரோகார்ட்டிசோன் க்ரீமை மெல்லியதாக, ஒரு வாரத்துக்கு மிகாமல் தடவலாம். தேங்காய் எண்ணெய், வாசலைன், கெட்டியான ஆயின்ட்மென்ட் எதுவும் வேண்டாம். அவை துளையை இன்னும் மூடும். வியர்த்த உடம்பில் பவுடரைக் கொட்டினால் அது களிம்பாகிப் படியும்.

ஊரிலிருந்து கொண்டுவரும் வீரியமான ஸ்டீராய்டு கலவை க்ரீம்களைத் தொடாதீர்கள். தொடை இடுக்கில் வட்டமாக, விளிம்பு தடித்துப் பரவினால் அது படர்தாமரையாக இருக்கலாம். ஸ்டீராய்டு அதை வளர்த்துவிடும். விரலிடுக்கில் அரித்து, இரவில் கூடி, அறையில் மற்றவருக்கும் வந்தால் சிரங்கு என்று சந்தேகியுங்கள். இரண்டுக்கும் மருந்து வேறு.

அரிப்பு அடங்கிய பிறகும் கவனம்

குளிர்ச்சியான இடத்தில் இருந்தால் பருக்கள் சில நாளில் வற்றிவிடும். அடைபட்ட துளை சீராவதற்கு மேல்தோல் உரிந்து புதிதாக வேண்டும். அதற்கு இரண்டு மூன்று வாரம்கூடப் பிடிக்கலாம். அதுவரை அந்தப் பரப்பு சரியாக வியர்க்காது, உடம்புச் சூடும் தணியாது. முதுகு முழுக்க வேர்க்குரு வந்தவர் அரிப்பு நின்றதும் முழு வேலைக்குத் திரும்பினால், வெப்ப மயக்கம் எளிதில் வரும். ஃபோர்மேனிடம் சொல்லி, இந்த வாரங்களுக்கு நிழலிலோ உள்ளேயோ வேலை கேளுங்கள்.

முகத்தில் மட்டும் வியர்வை கொட்ட, உடம்பு காய்ந்து, தோல் நிறத்திலேயே அரிக்காத பருக்கள் தெரிந்தால் அடைப்பு ஆழமாகிவிட்டது. அன்றே வேலையை நிறுத்தி கிளினிக் போங்கள். சீழ், வலி, காய்ச்சல், அக்குளில் நெறிகட்டுதல் என்றாலும் அப்படியே. தலைசுற்றலோ வாந்தியோ வந்தால் குளிர்ந்த இடத்துக்குக் கொண்டுபோய் ஆடையைத் தளர்த்தி, உடம்பை நனைத்து விசிறுங்கள். பேச்சு குழறினாலோ நினைவு தப்பினாலோ முதலில் ஆம்புலன்ஸை அழையுங்கள். அது வரும்வரை தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருங்கள்.