எண்பது கொப்பி, ஒரு சிவப்புப் பேனா

கேள்வி: ஹற்றன் பக்கத்துத் தோட்டப் பாடசாலையில் தரம் 10க்குத் தமிழ் படிப்பிக்கிறேன். எண்பது கட்டுரை திருத்த ஒரு கிழமை போகிறது. குறியீடு போட்டால் பிள்ளைகளோடு பேசுவது நின்றுவிடாதா?

பதில்: நிற்காது, பிழைக்கு மட்டும் குறியீடு போட்டால். ஒற்றுப்பிழைக்கு 'ஒ', ல-ழ-ள, ர-ற, ன-ண மயக்கத்துக்கு 'எ', எழுவாயும் பயனிலையும் பொருந்தாவிட்டால் 'பொ'. இந்த மூன்றே போதும். பத்து வைத்தால் பிள்ளைக்கு நினைவிருக்காது.

ஒரு பிள்ளை இப்படி எழுதுகிறாள் என்று வைப்போம்: "அம்மா கூடையை தூக்கி போனார். மளையில் அட்டை கடித்தது." சொல்லில் கோடு போடாதீர்கள். ஓரத்தில் 'ஒ, ஒ, எ' என்று மட்டும் எழுதுங்கள். கூடையைத் தூக்கிப் போனார், மழையில் என்று அவளே கண்டுபிடிக்கட்டும். அதற்கு வகுப்பிலேயே பத்து நிமிடம் ஒதுக்க வேண்டும். வீட்டுக்கு அனுப்பினால் பக்கத்துக் கொப்பியைப் பார்த்து எழுதிவிடுவார்கள்.

முதல் எட்டுக் கட்டுரைகளைப் பேனா இல்லாமல் வாசியுங்கள். திரும்பத் திரும்ப வரும் குறைகளுக்கு ஏழெட்டு வாக்கியங்கள் எழுதி, எண்ணிட்டுச் சுவரில் ஒட்டுங்கள். '4: முடிவுரை முன்னுரையையே திருப்பிச் சொல்கிறது.' கொப்பியில் 4 என்றால் போதும்.

மிஞ்சும் நேரம் ஒரே ஒரு வாக்கியத்துக்கு: "அந்த அட்டையை அம்மா எப்படி எடுத்தார் என்றும் எழுது." பிள்ளையின் பெயரை மறைத்து அந்த வாக்கியத்தை வாசியுங்கள். அது இன்னொரு பிள்ளைக்கும் பொருந்தினால் வேறு எழுதுங்கள். கொப்பிக்கு நான்கு நிமிடம் என்றால், எண்பதுக்கும் ஐந்து மணித்தியாலம் இருபது நிமிடம்.

எழுத்துக்கூட்டவே தடுமாறும் பிள்ளைக்குக் குறியீடு உதவாது. அவரைப் பக்கத்தில் இருத்தித்தான் திருத்த வேண்டும்.