பதவி உயர்வு: போர்டில் ஒட்டும் முன் செய்ய வேண்டியது

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டை என்று எந்தத் தொழிற்சாலைக்குப் பயிற்சி கொடுக்கப் போனாலும் இதே பேச்சுதான்: "கிடைக்காதவங்ககிட்ட முன்னாடியே சொன்னா லைன் நின்னுடும் சார். போர்டுல ஒட்டிட்டா தானா அடங்கிடும்."

அடங்காது. காரணம் தெரியாத ஏமாற்றம் வேறு வழியில் கணக்குத் தீர்க்கும். அமெரிக்க ஆய்வாளர் ஜெரால்ட் கிரீன்பெர்க் 1990-இல் வெளியிட்ட ஆய்வைப் பாருங்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு ஆலைகளில் 10 வாரங்களுக்குச் சம்பளத்தில் 15 சதவீதம் வெட்டினார்கள். ஒன்றில் தலைவரே வந்து கணக்கைக் காட்டி விரிவாகக் காரணம் சொன்னார். இன்னொன்றில் நாலு வார்த்தையோடு முடித்துக்கொண்டார்கள். இரண்டிலும் பொருள் திருட்டு கூடியது. ஆனால் காரணம் சொன்ன ஆலையில் கூடியது மிகக் குறைவு. சம்பள வெட்டும் பதவி உயர்வும் ஒன்றல்லதான். காரணம் கேட்கும் மனசு ஒன்றுதான்.

ஷிப்ட் சூப்பர்வைசர் பதவி ஒன்று, சமத் தகுதியுள்ள டீம் லீடர்கள் மூன்று பேர் என்று வைத்துக்கொள்வோம். தேர்வானவர் பகல் ஷிப்டில் இருக்கிறார். மற்ற இருவரில் ஒருவருக்கு நைட் ஷிப்ட், இன்னொருவருக்கு மதிய ஷிப்ட். காலை 6 மணிக்கு நைட் ஷிப்ட்காரர் கம்பெனி பஸ் ஏறும் முன் அவரிடம் நேரில் சொல்லுங்கள். பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரர் சொல்லித் தெரிந்தால் அது அவமானம். மதிய ஷிப்ட்காரரைக் கொஞ்சம் முன்னதாக வரச் சொல்லி உட்காரவைத்துப் பேசுங்கள். அவர்களின் நேரடி மேலாளர்தான் பேச வேண்டும், எச்.ஆர். அல்ல. எந்த அளவுகோலில் பின்தங்கினார் என்று ஒன்றைத் தெளிவாகச் சொல்லுங்கள்: "மெஷின் மாற்றும் நேரத்தைக் குறைத்ததில் அவர் முன்னால் இருந்தார்" என்பதுபோல. தேர்வானவரின் குறை நிறைகளை அலச வேண்டாம். இதெல்லாம் முடிந்த பிறகு, 2 மணி ஷிப்ட் மாற்றத்தில் எல்லோருக்கும் அறிவியுங்கள்.

"அடுத்தது உனக்குத்தான்னு சொன்னா போதும்." வேண்டாம். உங்கள் கையில் இல்லாத பதவிக்கு வாக்குக் கொடுத்தால் இரண்டாம் ஏமாற்றத்துக்கு நாள் குறிக்கிறீர்கள்.

"கை கொடுத்துச் சிரிச்சாரு, பிரச்சினையில்லை." புதியவர்களுக்கு வேலை சொல்லித்தருவதையும் கைசன் யோசனை எழுதுவதையும் நிறுத்திவிட்டாரா என்று அடுத்த மாதம் பாருங்கள்.

"புரமோஷன் நிர்வாகத்தின் இஷ்டம்." முழுக்க அல்ல. தொழிலாளர்களுக்குள் பிளவு மூட்டும் நோக்கில் தகுதியில்லாத பதவி உயர்வு கொடுப்பதை 1947-ஆம் ஆண்டுத் தொழில் தகராறு சட்டத்தின் ஐந்தாம் அட்டவணை முறையற்ற செயல் என்றே பட்டியலிட்டது.

நான் விடாமல் கேட்பது ஒன்று: தேர்வு அளவுகோல்களை விண்ணப்பம் வாங்கும் முன்பே தமிழில் நோட்டீஸ் போர்டில் ஒட்டுங்கள். ஆங்கில பாலிசி ஃபைலில் பூட்டிவைத்துவிட்டு, தேர்வு நியாயமாக நடந்தது என்று சொன்னால் எந்தத் தொழிலாளியும் நம்ப மாட்டார், நம்பவும் வேண்டியதில்லை.