வினாவுக்கு முன் கட்டம்: அலகுத் தேர்வுக்கான புளூபிரிண்ட்

பத்தாம் வகுப்பு அறிவியலில் மின்னோட்டவியல் பாடத்தை முடித்துவிட்டு, ஒரே பாடவேளையில் 25 மதிப்பெண்ணுக்கு அலகுத் தேர்வு வைப்பதாகக் கொள்வோம். பலர் முதலில் வினாக்களை எழுதி, பிறகு அவற்றுக்கேற்ப புளூபிரிண்டை நிரப்புகிறார்கள். அப்படிச் செய்தால் எழுதுவதற்கு எளிதான நினைவு வினாக்களே தாளை அடைத்துக்கொள்ளும்.

முதலில் பாட நோக்கங்களைச் செயலாக எழுதுங்கள். ‘பக்க இணைப்பை அறிவர்’ என்றால் எதைச் சோதிப்பது என்று தெரியாது. ‘பக்க இணைப்பின் தொகுபயன் மின்தடையைக் கணக்கிடுவர்’ என்றால் அது பயன்படுத்துதல், மாணவர் கணக்குப் போட வேண்டும் என்பது அந்த வரியிலேயே தெரிந்துவிடுகிறது.

அடுத்து, ஒவ்வொரு பகுதிக்கும் செலவிட்ட பாடவேளைகளைப் பார்த்து மதிப்பெண்ணைப் பிரித்து, கட்டத்தை நிரப்புங்கள். அடைப்புக்குறிக்குள் இருப்பது வினாக்களின் எண்ணிக்கை, வெளியே இருப்பது ஒவ்வொன்றின் மதிப்பெண்.

| பகுதி | அறிதல் | புரிதல் | பயன்படுத்துதல் | மொத்தம் |
|---|---|---|---|---|
| ஓம் விதி, மின்தடை | 2(1) | – | 1(1), 4(1) | 7 |
| தொடர், பக்க இணைப்பு | 1(1) | 2(2) | 4(1) | 9 |
| வெப்ப விளைவு, மின்திறன் | 1(2) | 2(1), 4(1) | 1(1) | 9 |
| மொத்தம் | 5 | 10 | 10 | 25 |

ஒரு மதிப்பெண் வினா 5, குறுவினா 4, நான்கு மதிப்பெண் வினா 3. முறையே 1, 3, 8 நிமிடம் வைத்தால் 41 நிமிடம் ஆகும். 45 நிமிடப் பாடவேளையில் வினாத்தாளைப் படித்துப் பார்க்க நான்கு நிமிடம் மிஞ்சும்.

ஒரு மதிப்பெண் என்றாலே அறிதல் என்று எண்ணிவிட வேண்டாம். முதல் வரிசையின் பயன்படுத்துதல் கட்டத்துக்கு இப்படிக் கேட்கலாம்: ‘5 ஓம் மின்தடையுள்ள கம்பியை இருமடங்கு நீளத்துக்கு இழுத்தால் அதன் மின்தடை என்ன?’ நீளம் கூடுவதை மட்டும் பார்த்தவர் 10 என்பார். பருமன் மாறாததால் குறுக்குவெட்டுப் பரப்பு பாதியாகும் என்பதையும் சேர்த்துப் பார்ப்பவரே 20 என்பார். நான்கு விடைகளில் 10 கட்டாயம் இருக்கட்டும்.

கடினநிலையைத் தனியாகக் குறியுங்கள். எளிது 8, நடுத்தரம் 12, கடினம் 5 என்பது இந்த அலகுக்குப் போதும். கடினத்தின் 5 மதிப்பெண்ணும் மேலே சொன்ன கம்பி வினாவுக்கும், தொடரும் பக்கமும் கலந்த நான்கு மதிப்பெண் சுற்றுக்கும் போகின்றன. ஓம் விதிக் கணக்கும் பயன்படுத்துதலே, ஆனால் வகுப்பில் பழகிய வகை என்பதால் அது நடுத்தரம்.

வினாக்களை எழுதி முடித்ததும் ஒவ்வொன்றையும் பாடநூலின் எடுத்துக்காட்டோடு ஒப்பிடுங்கள். அதே எண்கள், அதே சுற்று என்றால், கட்டத்தில் எங்கே எழுதியிருந்தாலும் அது அறிதல் வினாதான். எண்களை மட்டும் மாற்றினால் போதாது, சுற்றின் அமைப்பையோ கேட்கும் அளவையோ மாற்றுங்கள். மாற்ற முடியாவிட்டால் அந்த மதிப்பெண்ணை அறிதல் கட்டத்துக்கு நகர்த்தி, கூட்டுத்தொகைகளை மீண்டும் சரிபார்த்த பிறகே அச்சுக்குக் கொடுங்கள்.